வரிசைதான் சிக்கலா, செலவுதான் சிக்கலா? இரண்டு சால்வர் முறைகள், ஓர் அட்டவணைப் புதிர்

அட்டவணை போடும் புதிர் ஒன்று கையில் வந்ததும் பலர் முதலில் கேட்பது, புதிரைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர்களில் எது வேகமானது என்று. அந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் இல்லை. கட்டுப்பாட்டு நிரலாக்கமும் முழுஎண் நிரலாக்கமும் ஒரே புதிரை வேறு வேறு கண்ணால் பார்க்கின்றன. எது எதைத் தானாகக் கவனிக்கும், எதைக் கோட்டை விடும் என்று தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானாக முடிந்துவிடும்.

கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு புதிர். ஓர் எந்திரம், மூன்று வேலைகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. A-க்கு 4 மணி ஆகும், 0-இலிருந்து தொடங்கலாம், 20-க்குள் முடிய வேண்டும். B-க்கு 5 மணி, 1-இலிருந்து தொடங்கி 10-க்குள். C-க்கு 3 மணி, 2-இலிருந்து தொடங்கி 10-க்குள். எல்லாமே எவ்வளவு சீக்கிரம் முடியும்?

கட்டுப்பாட்டு முறையில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. கூகுளின் OR-Tools-இல் உள்ள CP-SAT என்றால், ஒவ்வொரு வேலையையும் ஓர் இடைவெளியாக அறிவித்துவிட்டு இப்படிச் சொன்னால் போதும்:

```python
m.AddNoOverlap([a, b, c])
```

இந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நடப்பதுதான் விஷயம். சால்வர் மூன்று வேலைகளையும் சேர்த்துப் பார்க்கிறது. A கடைசியில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கடைசியில் வருவது B அல்லது C. இரண்டுக்கும் கெடு 10. ஆக 4 + 5 + 3 = 12 மணி நேர வேலை 0-க்கும் 10-க்கும் இடையில் அடங்க வேண்டும். அடங்காது. எனவே A கடைசியில்தான். B-யும் C-யும் முடிய எப்படியும் மணி 9 ஆகிவிடும். A-யின் தொடக்கம் 0-இலிருந்து ஒரே தாவலில் 9-க்குப் போகிறது, விடை 13. எந்த ஊகமும் இல்லை, எதையும் முயன்று பார்த்துப் பின்வாங்கவும் இல்லை. இதற்கு எட்ஜ்-ஃபைண்டிங் என்று பெயர். இரண்டிரண்டாகப் பார்த்தால் இது பிடிபடாது. A-க்குப் பின் B, A-க்குப் பின் C என்று தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே கெடுவுக்குள் முடியும்.

இப்போது அதையே முழுஎண் முறையில். இங்கே “அல்லது” என்ற சொல் கிடையாது, சமனிலிகள் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் 0 அல்லது 1 ஆகும் ஒரு மாறி y, கூடவே பெரிய எண் M:

```
sB >= sA + 4 - M*(1 - y)
sA >= sB + 5 - M*y
```

sA, sB என்பவை A-யும் B-யும் தொடங்கும் நேரங்கள். y = 1 என்றால் A முதலில், 0 என்றால் B முதலில். எழுத்தில் சரிதான். ஆனால் சால்வர் முதலில் செய்வது, y முழுஎண் என்பதைத் தற்காலிகமாக மறந்துவிட்டு நேரியல் கணக்காகத் தீர்ப்பது. இதற்கு நேரியல் தளர்வு என்று பெயர். M = 20 என்று வைத்து y = 0.5 போட்டுப் பாருங்கள். முதல் வரி sB ≥ sA − 6 ஆகிறது, இரண்டாவது sA ≥ sB − 5. இரண்டு வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடலாம், கணக்கு வாயே திறக்காது. மூன்று வேலையும் அவை தொடங்கக்கூடிய முதல் நொடியிலேயே தொடங்கி, எல்லாம் 6 மணிக்கு முடிந்துவிடும் என்கிறது தளர்வு. உண்மை 13. M-ஐ ஜோடிக்கு ஜோடி முடிந்த அளவு சுருக்கினாலும் இங்கே 6 அசையவில்லை. மிச்ச இடைவெளியை வெட்டுத்தளங்கள் எனப்படும் கூடுதல் சமனிலிகளும் கிளைபிரித்துத் தேடுவதும்தான் நிரப்ப வேண்டும்.

மூன்று வேலைக்கு அது பெரிய சுமை இல்லை. FT10 என்ற பெயர்பெற்ற புதிரை எடுத்தால் வலி தெரியும். ஃபிஷரும் தாம்சனும் 1963-இல் வெளியிட்டது: 10 வேலைகள், 10 எந்திரங்கள், ஒவ்வொரு வேலையும் தன் வரிசையில் எல்லா எந்திரத்துக்கும் போய் வர வேண்டும். சிறந்த விடை 930 என்பதை கார்லியேவும் பின்சோனும் 1989-இல்தான் நிரூபித்தார்கள். M போட்டு எழுதினால் எந்திரத்துக்கு 45 ஜோடி வீதம் 450 y மாறிகள். தளர்வு தரும் கீழெல்லை 655. அது வேறொன்றுமில்லை, மிக நீளமான ஒரு வேலையின் மொத்த நேரம். அதாவது எந்திரங்களுக்குப் போட்டி இருப்பதே அந்தக் கணக்குக்குத் தெரியவில்லை. சால்வரின் பதிவில் நல்ல விடைகள் வந்துகொண்டே இருக்கும், “Best Bound” மட்டும் நகராமல் கிடக்கும், அதுதான் அடையாளம். இன்றைய CP-SAT இதைச் சாதாரண லேப்டாப்பில் சில வினாடிகளில் முடித்துவிடுகிறது.

M-ஐ யோசிக்காமல் பத்து லட்சம் என்று போடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. y ஏறக்குறைய முழுஎண்ணாக இருந்தாலே சால்வர் ஏற்றுக்கொள்ளும். குரோபி என்ற சால்வரில் அந்தச் சலுகை இயல்பாகவே 0.00001. பத்து லட்சத்தை அதனால் பெருக்கினால் 10. பத்து மணி நேரம் இரண்டு வேலைகள் மோதும் அட்டவணையை “உகந்த விடை” என்று அது நீட்டலாம். வந்த விடையைத் தனியாகச் சரிபார்க்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சரி, அப்படியானால் முழுஎண் முறை எதற்கு? குறிக்கோளை மாற்றிப் பாருங்கள். மூன்று வேலைகள், P, Q, R என்று மூன்று எந்திரங்கள், எந்திரத்துக்கு ஒரு வேலைதான். எந்த வேலையானாலும் P-யில் செலவு 2, Q-வில் 9, R-இல் 10. மொத்தச் செலவு குறைய வேண்டும். கட்டுப்பாட்டு முறையில் “எல்லாம் வெவ்வேறு” என்ற விதி ஒரு பக்கம், கூட்டல் விதி இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. கூட்டல் விதி ஒவ்வொரு வேலையின் மலிவான வழியை மட்டும் பார்த்து 2 + 2 + 2 = 6 என்று நினைக்கிறது. மூன்று பேருக்கும் P கிடைக்காது என்பது அதற்குத் தெரியாது. நேரியல் தளர்வோ எல்லா விதிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. கிளைபிரிக்காமலேயே 21 என்கிறது. அதுதான் சரியான விடை.

முன்பு பார்த்ததன் நேர்த் தலைகீழ். கெடுவும் வரிசையும் நெருக்கும் இடத்தில் கட்டுப்பாட்டு முறை கூர்மையானது. பல இடத்துச் செலவைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் முழுஎண் முறை கூர்மையானது. தாமதத்துக்கு அபராதம், அதையும் வேலைக்கு வேலை வெவ்வேறு எடையோடு கூட்டு என்றால், வரிசைப் புதிராகவே இருந்தாலும் கட்டுப்பாட்டு முறை மூச்சு வாங்கும். CP-SAT தனக்குள் ஒரு நேரியல் தளர்வையும் வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட இடங்களும் ஒரு காரணம்.

நிஜப் புதிர்களில் இரண்டும் கலந்தேதான் வரும்: எந்த வேலை எந்த எந்திரத்துக்கு, அப்புறம் அங்கே எந்த வரிசையில். இதற்கு ஜெயினும் கிராஸ்மனும் 2001-இல் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. ஒதுக்கீட்டையும் செலவையும் முழுஎண் முறையிடம் விடுகிறார்கள். அது தரும் ஒதுக்கீட்டை எடுத்து, எந்திரம் எந்திரமாக, “இந்த வேலைகள் இங்கே கெடுவுக்குள் அடங்குமா” என்று கட்டுப்பாட்டு முறையைக் கேட்கிறார்கள். அடங்காவிட்டால், “இந்தக் கூட்டம் முழுக்க இந்த எந்திரத்தில் சேரக் கூடாது” என்ற ஒரு சமனிலி முதல் கணக்கில் ஏறுகிறது, மறுபடி சுற்று. இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஓர் எந்திரத்தில் எட்டு வேலைகள் அடங்கவில்லை என்றால், எட்டையும் சேர்த்துத் தடுக்கும் சமனிலி மிகப் பலவீனமானது. ஒரு வேலையை மட்டும் நகர்த்திவிட்டு முதல் கணக்கு அதே தவறோடு திரும்பி வரும். அந்த எட்டில் உண்மையில் மோதிக்கொள்வது மூன்றுதான் என்று கண்டுபிடித்து அதை மட்டும் தடுத்தால், சுற்றுகள் வெகுவாகக் குறையும்.