சந்தையில் "ஊசி போட்ட சினையாடு" வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கொல்லையில் நான்கைந்து வெள்ளாடுகளைக் கட்டி வளர்த்துச் சிறு வருமானம் பார்க்கலாம் என்று, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தோடு முதன்முதலாகச் சந்தைக்குப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முன்பே இரண்டு ஆடுகளும் அவற்றில் ஒன்றின் இரட்டைக் குட்டிகளும் இருந்தன. அவற்றோடு சேர்ப்பதற்காகத் தென்மாவட்ட வாரச்சந்தை ஒன்றில் ஒரு வியாபாரியிடம் கன்னி இனத்து ஆடுகள் ஐந்தை, ஒன்று 9,000 ரூபாய் என்ற விலையில், நகைக்கடன் பணத்தைக் கொண்டு வாங்கினோம். "எல்லாம் ரெண்டு பல்லுக்கா, மூணு மாசச் சினை, ஊசியும் போட்டாச்சு. கொண்டுபோய்க் கட்டுறதுதான் உங்க வேலை" என்று அவர் சொன்னார். வயது, சினை, ஊசி என்று அவர் சொன்ன மூன்றையும் நம்பித்தான் அந்த விலையைக் கொடுத்தோம். மூன்றுமே பொய்யாகிப் போயின. அவற்றில் ஊசி பற்றிய பொய்தான் எங்கள் வீட்டு ஆடுகளையும் சேர்த்து அழித்தது.

ஒரு வாரம் நிறைவதற்குள், புதிதாக வந்தவற்றில் ஓர் ஆடு தழையைத் தொடாமல் தலையைத் தொங்கவிட்டு நின்றது. முதலில் மூக்கில் தண்ணீராக ஒழுகியது, மறுநாள் கெட்டியான சளியாகி மூக்குத் துவாரத்தை அடைத்தது. கண்ணோரத்தில் பீளை காய்ந்து இமைகள் ஒட்டிக்கொண்டன. பிறகு வாய்க்குள் ஈறிலும் நாக்கிலும் புண்கள் வந்து, நாற்றமடிக்கும் கழிச்சல் தொடங்கியது. இடம்விட்டு இடம் வந்த ஆட்டுக்குச் சளி பிடிப்பது வழக்கம்தான் என்று வியாபாரி தொலைபேசியில் சொன்னார். ஆனால் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அது வெறும் சளி அன்று. அரசு கால்நடை மருந்தகத்து மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஆட்டுக்கொல்லி நோயின் அறிகுறி என்றார்.

இது வைரஸால் வரும் நோயாதலால், நோயைக் கொல்லும் மருந்து கிடையாது. மருத்துவர் போட்ட ஊசிகள் நுரையீரலில் பின்தொடர்ந்து வரும் பாக்டீரியாத் தொற்றைத் தடுப்பதற்காகவும், ஏற்றிய திரவம் கழிச்சலால் இழந்த நீரை ஈடுகட்டுவதற்காகவும்தான். மூச்சுக்காற்றின் வழியாகவும், மூக்குச்சளி கலந்த தண்ணீர்த் தொட்டியின் வழியாகவும் அது எங்கள் பழைய ஆடுகளுக்குப் பரவியது. வாங்கியவற்றில் இரண்டும், வீட்டு ஆடுகளில் ஒன்றும், குட்டிகள் இரண்டும் இறந்தன. அந்தக் குட்டிகள் என் மகள் கையில் வளர்ந்தவை, அவற்றைப் புதைத்த துயரம் இன்னும் எங்கள் வீட்டில் ஆறவில்லை.

இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு என்பதுதான் எனக்கு மிகுந்த ஆற்றாமையைத் தருகிறது. நான்கு மாத வயதுக்கு மேல் ஒரு முறை தோலுக்கடியில் போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு இருக்கும். ஆனால் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். உடலுக்குள் நோய் ஏற்கெனவே புகுந்துவிட்ட ஆட்டுக்குப் போட்டுப் பயனில்லை. சந்தைக்கு வரும் ஆடுகளோ பல ஊர்களிலிருந்து சேர்க்கப்பட்டு, ஒரே வண்டியில் நெருக்கியடித்து, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து வருபவை. நோய் தொற்றி நான்கு முதல் ஆறு நாள் வரை ஆடு பார்வைக்கு நன்றாகவே இருப்பது வழக்கம். ஆகவே சந்தையில் துள்ளி நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஊசி போட்டாயிற்று என்று ஒருவர் சொன்னால், எந்த ஊசி, எந்த மாதம், எந்த மருந்தகத்தில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரின் ஆட்டை ஊசி போடாத ஆடாகவே கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிய பொய் மருத்துவர் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, கீழ்த்தாடையில் மட்டும் எட்டு உண்டு. நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து அகலமான பற்கள் முளைத்திருந்தால் அதுதான் இரண்டு பல், வயது ஒன்றேகால் முதல் ஒன்றரை. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள், அதற்கு நான்கு வயதை ஒட்டியிருக்கும். எங்களுக்கு விற்றவற்றில் ஒன்று கடை சேர்ந்து, பற்கள் தேய்ந்து இடைவெளி விழுந்த கிழட்டு ஆடு. சந்தையில் வியாபாரி உதட்டை விலக்கிக் காட்டியது இளம் ஆடு ஒன்றைத்தான், "மத்ததும் இதே சோடிதாங்க்கா" என்று மற்றவற்றின் வாயைப் பிடிக்க விடவில்லை. இன்னொன்றின் மடியில் ஒரு பாதி இறுகிக் கட்டியாக இருந்தது. முந்தைய ஈற்றில் மடிநோய் வந்து கெட்ட மடி அது, அந்தப் பக்கத்துக் காம்பில் இனிப் பால் வராது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும் கன்னி ஆட்டுக்கு ஒற்றைக் காம்பு என்றால், ஒரு குட்டியைப் புட்டிப்பாலில்தான் வளர்க்க வேண்டும். இப்படிப்பட்ட குறையுள்ள ஆடுகள்தான் வளர்ப்பு ஆடு என்ற பெயரில் புதியவர்களின் தலையில் கட்டப்படுகின்றன.

சினையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். மாட்டைப் போல ஆசனவாயில் கைவிட்டு ஆட்டுக்குச் சினை பார்க்க முடியாது, ஸ்கேன் செய்தால்தான் இரண்டு மூன்று மாதச் சினை உறுதியாகத் தெரியும். சந்தையில் நாம் பார்க்கும் பெருத்த வயிறு பெரும்பாலும் தீவனமும் தண்ணீரும்தான். உப்பு கலந்த தவிட்டைக் கொடுத்தால் தாகத்தில் ஆடு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிடும். நோயில் சினை கலைந்திருக்கும் என்று வியாபாரி வாதிட்டார். இந்த நோய் கருச்சிதைவை உண்டாக்குவது உண்மைதான். ஆனால் எந்த ஆடும் கருவைத் தள்ளவில்லை, இறந்தவற்றில் ஒன்றைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது கருப்பை வெறுமையாக இருந்தது. அதைச் சொன்ன பிறகு, "வண்டி ஏறுனதுக்கு அப்புறம் எங்க பொறுப்பு இல்லைக்கா" என்று தொடர்பைத் துண்டித்துவிட்டார். சந்தையில் கொடுத்த சீட்டு சுங்கத்துக்கானது மட்டுமே, அதில் விற்றவர் பெயரும் இல்லை, ஆட்டின் அடையாளமும் இல்லை.

ஆட்டுக்கு 45,000, வண்டிக்கு 2,500, மருந்துக்கு 4,500 என்று மொத்தம் 52,000 ரூபாய் போயிற்று. நோயிலிருந்து மீண்ட கிழட்டு ஆட்டையும் மடி கெட்ட ஆட்டையும், முழுதும் தேறிய பிறகு கறி விலைக்கு விற்றதில் 11,000 வந்தது. நல்ல ஆடு ஒன்றுதான் மிச்சம். அதற்குக் கொடுத்த விலையைக் கழித்தாலும் 32,000 ரூபாய் நட்டம், வீட்டு ஆடுகளின் இழப்பு தனி.

ஆகவே முதல் ஆடுகளைச் சந்தையில் வாங்காமல், பக்கத்து ஊரில் பட்டி வைத்திருப்பவரிடம் காலையில், மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன் போய், தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். வெறும் வயிற்றில் நிற்கும் ஆட்டின் உடற்கட்டு அப்போதுதான் தெரியும். ஒவ்வோர் ஆட்டின் வாயையும் மடியையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். வீட்டில் ஆடு இருந்தால், புதியவை வருவதற்கு மூன்று வாரம் முன்பே அவற்றுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டுவிடுங்கள். புதியவற்றை மூன்று வாரம் தனிக் கொட்டிலில், தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைத்து, பழைய ஆடுகளின் வேலையை முடித்த பிறகே அவற்றிடம் செல்லுங்கள். இதற்குள் நோய் கண்டுவிட்டால், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சந்தைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், எங்கள் வீட்டுக்கு நோய் வந்த வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். மருந்தகத்துக்கும் பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர்களுக்கும் அன்றே சொல்லுங்கள், இறந்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள்.