வெபினார் கேள்விப் பெட்டி: ஒரு மா சீசன் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

வெபினார் நடத்தும் செயலியின் ஆண்டுச் சந்தா விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று பாலக்கோட்டு நண்பர் கேட்டார். கிருஷ்ணகிரி மா விவசாயிகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வெபினாருக்கு இதே செயலிதான், அதில் கேள்விகளைப் பார்த்து வல்லுநருக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. படம், ஒலி எல்லாம் சரி. கேள்விப் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வந்த கேள்வியை நடத்துபவர் திருத்தவே முடியாது. இதுதான் சீசன் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது.

பூ நேரத்தில் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: "பூவெல்லாம் கொட்டுது, மருந்து அடிச்சும் கேக்கல, தண்ணி விடலாமா, கூழ் ஃபேக்டரி வெல இந்த வருஷம் எப்படி, என்ன பண்றது?" நிறைய பேர் லைக் போட்டு மேலே ஏற்றிவிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான், இதற்குப் பத்து நிமிடம் பேசினாலும் முடியாது. பூங்கொத்தில் வெள்ளை மாவு படிந்திருந்தால் சாம்பல் நோய். இலையும் பூவும் பிசுபிசுத்து, மேலே கரும்படலம் இருந்தால் தத்துப்பூச்சி. இரண்டிலும் பூ கொட்டும், மருந்து வேறு வேறு. எது என்று பிரித்துச் சொல்ல அந்தக் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை.

"மாவா, பிசுபிசுப்பா?" என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர் புதிதாகக் கேட்டார்: "பெங்களூரா ரகம், 10 வயசு மரம். பூங்கொத்துல வெள்ள மாவு. என்ன தெளிக்கணும்?" இதுதான் கேள்வி! நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், பூங்கொத்து நன்றாக நனைய வேண்டும், உச்சி வெயிலில் அடித்தால் கருகும், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஆனால் லைக் வரிசையில் இது அடியில் கிடந்தது, துருவித் துருவித்தான் எடுத்தேன், பழைய கேள்வி லைக்கோடு உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது.

நியாயமாகச் சொன்னால், எழுத்தில் பதில் போடும் வசதி அருமை. மருந்தளவை வாயால் சொல்லும்போதே எழுத்திலும் போட்டுவிடுவோம், சிக்னல் விட்டு விட்டு வரும் அஞ்செட்டிக்காரருக்கும் 2 கிராம் 2 கிராமாகவே போய்ச் சேரும். முடிந்ததும் கேள்விகள் மொத்தத்தையும் ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம், கூழ் விலைக் கேள்விகளை அதிலிருந்து பொறுக்கித் தனிக் கூட்டத்துக்கு வைத்தோம்.

இப்போதெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்: ரகம், மரத்தின் வயது, எங்கே என்ன தெரிகிறது, கடைசியில் ஒரே ஒரு கேள்வி. அப்புறம் பாதித் தொல்லை குறைந்தது.

இவ்வளவு நல்லது சொன்னாலும், நண்பரே, இந்த விலைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீளமான கேள்வியை வெட்டிச் சுருக்கவும், லைக்கைப் புதுக் கேள்விக்கு மாற்றவும் வழி வரட்டும், அதுவரை மாதச் சந்தாவிலேயே ஓட்டுங்கள்.