உறையும் தேனா, உறையாத தேனா?

கார்த்திகை பிறந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் இறங்கிவிட்டால் வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் படங்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பாட்டில் அடியில் வெள்ளையாக ஒரு படிவம், கூடவே "அண்ணா, அஸ்கா பாகு கலந்துட்டீங்களா?" என்று ஒரு கேள்வி. கடைகளுக்குக் காய்ச்சி வடிகட்டிய தேன் கொடுத்துக்கொண்டிருந்த நான், இப்போது காய்ச்சாத தேன் மட்டும் விற்கிறேன். ஆகவே பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

காய்ச்சிய தேனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 60, 65 டிகிரி வரை சூடேற்றி, மெல்லிய வடிகட்டியில் விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகங்கள் கரைந்துவிடும், மகரந்தமும் மெழுகுத் துணுக்கும் பெரும்பாலும் போய்விடும். பல மாதம் கண்ணாடி மாதிரி நிற்கும். பூவின் மணம் மட்டும் குறையும்.

காய்ச்சாத தேன் உறையக் காரணம் அதன் சர்க்கரையே. தேனில் ஏறக்குறைய 80 பங்கு சர்க்கரை. அதில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டுதான். ஃப்ரக்டோஸ் நன்றாகக் கரைந்து கிடக்கும். இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் குளுக்கோஸ் முழுக்கக் கரைந்து நிற்க முடியாது. மகரந்தத் துகள் ஒன்று கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு படிகமாகிவிடும். கடுகு, சூரியகாந்தித் தேன் சீக்கிரம் உறைவது குளுக்கோஸ் பங்கு அதிகம் என்பதால்தான். 14 டிகிரியை ஒட்டிய குளிரில் இது வேகமாக நடக்கும். ஒரே டின்னில் பிடித்த தேன் தருமபுரி டவுனில் நீராக இருக்க, தளியில் கட்டியாவது அதனால்தான். பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பவர்கள் தளியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

உறைந்தது கெட்டதல்ல. ஆனால் எந்தத் தேன் உறைந்தாலும் கவலையில்லை என்றும் சொல்லமாட்டேன். இரண்டையும் பிரிப்பது ஈரப்பதம்.

குளுக்கோஸ் படிகமாகும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டுமே உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்சத் தண்ணீரெல்லாம் உறையாத பகுதிக்கு வந்துவிடும். ஒரு கிலோ தேனில் 17 சதவீதம் ஈரம் என்று வையுங்கள், அதாவது 170 கிராம் தண்ணீர். 200 கிராம் குளுக்கோஸ் படிகமானால் அதோடு 20 கிராம் தண்ணீர் போகும். மீதி 780 கிராமில் 150 கிராம் தண்ணீர், அதாவது 19 சதவீதத்துக்குச் சற்று மேல். இது தாங்கும். இதே தேன் 19 சதவீத ஈரத்தோடு எடுக்கப்பட்டிருந்தால் மீதியில் ஈரம் 22 சதவீதத்தைத் தொட்டுவிடும். அந்த அளவில், காய்ச்சாத தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு புளிக்க வைக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையின் தரவிதி 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. காய்ச்சாமல் விற்பவனுக்கு அந்த எல்லை போதாது.

அதனால்தான் அடையில் முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடாமல் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. எடுத்ததும் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுவேன். மழைக்காலத்தில் ஈரம் அதிகமான தேன் வந்தால் அது காய்ச்சுகிறவர்களுக்குத்தான் போகும். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் முறை மேல்: சூடு ஈஸ்டைக் கொன்றுவிடும். கொட்டாத சின்னத் தேனீக்களின் கொசுத்தேனில் இயல்பிலேயே தண்ணீர் அதிகம், நான் அதை அதிகம் கையாண்டதுமில்லை. இந்தக் கணக்கை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

வீட்டில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். நெருநெருவென்று கட்டியாகி, மணம் மாறாமல் இருந்தால் நல்ல தேன். அடியில் படிகம், மேலே தண்ணீராக ஒரு அடுக்கு என்று பிரிந்திருந்தால் அந்த மேல் அடுக்கை முகர்ந்து பாருங்கள். நுரை, புளித்த வாடை, மூடி திறக்கும்போது 'புஸ்' என்று காற்று, இதில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள், என்னிடம் வாங்கியிருந்தாலும் சரி. இன்னொன்று: உறைந்தாலே சுத்தமான தேன் என்று சொல்லி விற்பவர்களையும் நம்ப வேண்டாம். பாகு கலந்த தேனும் உறையும். கலப்படத்தை ஆய்வகம்தான் சொல்லும். தீக்குச்சியும் எறும்பும் சொல்லாது.

இளக வேண்டுமென்றால், கை பொறுக்கிற சூட்டில், 40 டிகிரி அளவு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கண்ணாடி பாட்டிலை மூடி தளர்த்தி அதில் நிறுத்துங்கள். அடுப்பை அணைத்துவிட வேண்டும். அரை கிலோ பாட்டிலுக்கு ஒன்றிரண்டு தடவை தண்ணீர் மாற்ற வேண்டிவரும். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதிக்க ஓரிடம் கட்டியாகவே நிற்கும். எங்கள் வீட்டில் இளக்குவதே இல்லை. உறைந்ததைக் கரண்டியால் வழித்து ராகி தோசைமேல் தடவினால் ஒழுகாமல் நிற்கும்.