ஒரே படத்தில் நாலு ரசீது: விளிம்பு முறையா, பயிற்றுவித்த மாடலா?

நாலு பில்லை மேசையில் பரப்பி ஒரே படமாக அனுப்புகிறார்கள். பிரிக்காமல் எழுத்தறியும் மென்பொருளுக்குக் கொடுத்தால், அருகருகே இருக்கும் பில்களின் வரிகளை ஒன்றாகப் படித்து, பெட்ரோல் பில்லின் தேதியைச் சாப்பாட்டு பில்லின் தொகையோடு சேர்த்துவிடக்கூடும். பில்களைப் பிரிக்க இரண்டு வழி: மேசைக்கும் தாளுக்கும் உள்ள நிற வேறுபாட்டை வைத்து ஓரங்களைத் தேடும் விளிம்பு முறை, அல்லது ரசீதுப் படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த மாடல்.

பின்னணி
விளிம்பு முறை: OpenCV நூலகத்தின் `cv2.findContours` நன்றாக வேலை செய்யக் கருத்த மேசை வேண்டும். வெள்ளை மேசையில் தடுமாறும்.
மாடல்: பயிற்சியில் அப்படிப்பட்ட படங்கள் இருந்தால் சமாளிக்கும்.

செலவு
விளிம்பு முறை: பயிற்சிப் படமே தேவையில்லை.
மாடல்: ஒவ்வொரு ரசீதின் ஓரத்தையும் கையால் வரைந்து தர வேண்டும். அலுப்பான வேலை.

ஒட்டிக்கிடக்கும் ரசீதுகள்
சிக்கல் இங்கேதான். 8 × 20 செ.மீ. பில்லின் பக்கவாட்டில் 8 × 10 செ.மீ. பில் மேல்விளிம்பு சமமாக ஒட்டியிருந்தால், விளிம்பு முறைக்கு இரண்டும் சேர்ந்து ஒரே உருவம். பரப்பு 240, அதைச் சுற்றி `cv2.minAreaRect` போடும் செவ்வகம் சுமார் 320. விகிதம் 0.75. தனி ரசீது தன் செவ்வகத்தை ஏறக்குறைய முழுதும் நிரப்பும் என்பதால், 0.9-க்குக் கீழே வந்தவற்றை மனிதப் பார்வைக்கு ஒதுக்கலாம். ஆனால் சம அளவு பில்கள் நேராக ஒட்டினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் பிரித்துக் காட்ட ஓரளவு வல்லது மாடல்தான். மறைந்த எழுத்தை அதனாலும் மீட்க முடியாது.

படம் எடுப்பவர் உங்கள் அலுவலகத்தவர் என்றால், கருப்பு அட்டை விரித்து, விரல் அகலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். விளிம்பு முறை போதும். முன்பின் தெரியாத வாடிக்கையாளர்கள் அனுப்பும் படங்களுக்கு மாடலே சரி.