கண்டாங்கிக் கடைக்கு வாராந்திர டேஷ்போர்டு: கனெக்டர் வாங்கலாமா?

தேவகோட்டையில் தேன்குழலும் மணவோலமும் ஆன்லைனில் விற்கும் தோழி கேட்டாள்: "இன்ஸ்டா கணக்கையும் வெப்சைட் கணக்கையும் ஒரே ஷீட்டுல இழுத்துக் கொடுக்கிற கனெக்டர் வச்சிருக்கியே, நானும் வாங்கவா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இவ்வளவு நீளம்.

காரைக்குடியில் எங்கள் கண்டாங்கிச் சேலைக் கடைக்கு ஒரு வருஷத்துக்கு மேலாக இதை ஓட்டுகிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். புதன்கிழமை காலையில்தான் திறப்பேன், ஏனென்றால் வெப்சைட் வருகையை எண்ணும் கூகுளின் ஜிஏ4 கணக்கு முழுசாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். கனெக்டர் வேலை செய்யும் வாரங்களில் அருமை. ஒரு எண்கூட கையால் அடிக்க வேண்டாம்.

வேலை செய்யாத வாரம்தான் வயிற்றெரிச்சல். இன்ஸ்டாகிராமுக்குள் நுழைய நாம் கொடுக்கும் அனுமதி சுமார் 60 நாளில் காலாவதியாகும், மறுபடி லாகின் செய்ய வேண்டும். அது முறைதான். ஆனால் காசு வாங்குகிற கனெக்டர் ஒரு மெயில் அனுப்ப வேண்டாமா? சத்தமில்லாமல் நின்றுவிடும். ஷீட்டில் பழைய வரிசைகள் அப்படியே இருப்பதால் எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரியும். இப்போது மேல் மூலையில் `=MAX(ig!A:A)` என்று கடைசித் தேதியைக் காட்டும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அது போன ஞாயிறு இல்லையென்றால் மற்ற எதையும் பார்ப்பதில்லை.

இரண்டு கணக்கையும் சேர்க்கும் சாவி, வாரத்தின் திங்கட்கிழமைத் தேதி. வார எண்ணை வைத்துச் சேர்த்தால் வருஷக் கடைசியில் குழம்பும். `WEEKNUM` சும்மா விட்டால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணும். A2 கட்டத்தில் இருக்கும் தேதிக்கு அந்த வாரத்துத் திங்களை எடுப்பது இப்படி:

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

சேர்த்த பிறகு எல்லோரும் மிரளும் இடம் ஒன்று உண்டு. இன்ஸ்டாகிராம் 120 கிளிக் என்கிறது, ஜிஏ4 84 வருகை என்கிறது. இரண்டும் பொய்யில்லை. பக்கம் திறக்கும் முன் மூடிவிட்டால் அது கிளிக் மட்டும்தான். ஒரே ஆள் அரை மணி நேரத்துக்குள் மறுபடி தட்டினால் கிளிக் இரண்டு, வருகை ஒன்று. இந்த இரண்டையும் சமப்படுத்தப் பார்க்காதே. 100 கிளிக்குக்கு எத்தனை வருகை என்று ஒரு விகிதமாக வை. எங்களுக்கு அது எழுபதை ஒட்டியே நிற்கும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இந்த விகிதம்தான். ஒரு வாரம் அது முப்பதுக்கு இறங்கியது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாத வருகைகளை ஜிஏ4 டைரக்ட் என்ற வரிசையில் போடும். உடனே அதைப் பார்த்தேன், விழுந்த அளவுக்கு அது ஏறியிருந்தது. அப்படியானால் ஆட்கள் வந்திருக்கிறார்கள், அடையாளம்தான் தொலைந்திருக்கிறது. பயோவில் போட்டிருந்த லிங்க் சேவை, முகவரியின் வாலில் இருந்த `utm_source=instagram` பகுதியை வெட்டிவிட்டிருந்தது. டைரக்ட் ஏறாமல் மொத்த வருகையும் சேர்ந்து விழுந்திருந்தால் நம் பக்கமே திறக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்குத் தேட வேண்டிய இடம் வேறு.

இரண்டாவது எண், 100 வருகைக்கு எத்தனை வாட்ஸ்ஆப் விசாரிப்பு. எங்கள் வியாபாரம் முக்கால்வாசி அங்கேதான் முடிகிறது. வாட்ஸ்ஆப் பட்டன் `wa.me` முகவரிக்குப் போவதால், ஜிஏ4 அதை வெளிச்செல்லும் கிளிக்காகத் தானே பதிந்துகொள்ளும். மூன்றாவது, பதிவு வாரியாக ஆர்டர். அதைக் கடை நோட்டிலிருந்து நானே ஏற்றுகிறேன்.

இந்த மூன்றும் ஒரு வாரம் காட்டியதைச் சொல்கிறேன். தறி ஓடும் ரீல் ஒன்றை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதிலிருந்து 84 வருகை, 3 விசாரிப்பு, 1 ஆர்டர். அரக்குக் கரை வைத்த கட்டம் போட்ட சேலையை முந்தியோடு விரித்து, விலை எழுதிப் போட்ட படத்தைப் பார்த்தது மூவாயிரம் பேர்தான். அதிலிருந்து 66 வருகை, 11 விசாரிப்பு, 4 ஆர்டர். ஆனால் நாலு ஆர்டரை நம்பி முடிவெடுக்க முடியாது, ஒரே குடும்பத்தின் கல்யாண ஜவுளியாகக்கூட இருக்கலாம். நாலு வாரத்தைக் கூட்டிப் பார்த்தேன். அதே பக்கம்தான் சாய்ந்தது. அதன் பிறகுதான் ரீலுக்குப் போட்ட விளம்பரக் காசை விலை எழுதிய படங்களுக்கு மாற்றினேன்.

கனெக்டர்காரர்கள் நியாயமில்லாதவர்கள் இல்லை. கேட்டதும் பதில் சொன்னார்கள், நின்ற மாதத்துக்குக் காசைத் திருப்பியும் கொடுத்தார்கள். வேலை செய்யும்போது அதைவிடச் சுத்தமாக என்னால் அடிக்க முடியாது. ஆனாலும் உனக்கு வேண்டாம். உன்னிடம் இருப்பது ஒரு இன்ஸ்டா கணக்கு, ஒரு வெப்சைட். புதன்கிழமை உட்கார்ந்து அந்தச் சில எண்களைக் கையால் அடி. அடிக்கும்போதே எது விழுந்தது என்று கண்ணில் படும். என் சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். ஷீட்டின் காலிப் பிரதியை உனக்கு அனுப்பியிருக்கிறேன், `ig` தாளில் தேதி, கிளிக் இரண்டை மட்டும் நிரப்பிவிட்டுக் கூப்பிடு.