"ஒரு ஸ்கூப் 110 கலோரி மட்டும்": இந்தப் பலகையை நம்பி வாங்காதீர்கள்

திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஐஸ்கிறீம் கடையில் மேலே உள்ள வாசகத்தைப் பெரிய எழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பது தெரிந்தால்தான் அடுத்த கடையிலும் ஏமாறாமல் இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களும் எடை குறைக்கிறவர்களும் பலகையைப் பார்த்து, "இரண்டு ஸ்கூப் 220 தானே" என்று வாங்கிப் போகிறார்கள். கையில் கிடைப்பது 600க்கு மேல்.

அங்கே விற்கும் இரண்டு ஸ்கூப் வாஃபிள் கோன் ஒன்றைப் பிரித்துப் பிரித்துச் சமையலறைத் தராசில் நிறுத்ததில் வந்த கணக்கு இது. ஐஸ்கிறீம் உருண்டை ஒன்று 86 கிராம், இரண்டும் 172 கிராம். கோன் 29 கிராம். மேலே ஊற்றிய சொக்லேட் சோஸ் 40 கிராம். தூவிய கச்சான் 9 கிராம். எல்லாம் சேர்த்து கால் கிலோ! சாதாரண வனிலா ஐஸ்கிறீம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 கலோரி. ஆகவே இரண்டு உருண்டையும் 345. கோன் 120. சோஸ் 110. கச்சான் 50. கூட்டினால் 625.

அப்படியானால் அந்த 110 எங்கிருந்து வந்தது? பொய் எண் இல்லை. மொத்தமாக வாங்கும் ஐஸ்கிறீம் டப்பாவின் லேபிளில் "100 மி.லி.க்கு" என்று போட்டிருக்கும் எண் அது. அதை அப்படியே தூக்கி "ஒரு ஸ்கூப்" என்று பலகையில் எழுதிவிட்டார்கள். பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது அளவு. ஸ்கூப் கரண்டிகளுக்கு நம்பர் உண்டு. உருண்டையைத் தள்ளிவிடும் உள்தகட்டிலோ பிடியிலோ பொறித்திருக்கும். ஒரு அமெரிக்கக் குவாட், அதாவது 946 மி.லி., அந்தக் கரண்டியால் எத்தனை முறை அள்ளினால் தீரும் என்பதுதான் அந்த நம்பர். ஆகவே நம்பர் குறையக் குறைய கரண்டி பெரிது. 16ஆம் நம்பர் 59 மி.லி., 10ஆம் நம்பர் 95 மி.லி., 8ஆம் நம்பர் 118 மி.லி. பிடியின் நிறத்தைப் பார்த்தும் சொல்லலாம்: 16 நீலம், 10 தந்த நிறம், 8 சாம்பல். மலிவான கரண்டிகளில் இந்த நிற முறை இருக்காது, அதை நம்ப வேண்டாம். மேலே சொன்ன கடையில் பாவிப்பது 10ஆம் நம்பர். ஆனால் 95 மி.லி. என்பது விளிம்போடு மட்டமாக வழித்தால் வரும் அளவு. யார் அப்படி வழித்துப் போடுகிறார்கள்? மேலே ஒரு குவியல் நிற்கும், கீழே ஒரு பாவாடை தொங்கும். 130 மி.லி. சுலபமாக வந்துவிடும்.

உருண்டையின் குறுக்களவைக் கண்ணால் மட்டிட்டு ஏமாறாதீர்கள். 5 செ.மீ. உருண்டை 65 மி.லி.; 6 செ.மீ. உருண்டை 113 மி.லி. பார்வைக்கு ஒரு சுண்டுவிரல் அகலம்தான் வித்தியாசம், உள்ளே போவது முக்கால் பங்கு கூட.

இரண்டாவது காற்று. ஐஸ்கிறீமில் ஏறக்குறையப் பாதி காற்று. கலவையை அடித்து உறையவைக்கும்போது ஏற்றுவது. மலிவான ஐஸ்கிறீம் டப்பாவில் ஒரு லீற்றர் 550 கிராம் அளவில்தான் நிற்கும். கரண்டியை அழுத்தி உருட்டும்போது அந்தக் காற்றில் ஒரு பங்கு வெளியே போய், அதே இடத்துக்குள் கூடுதல் பாலும் சீனியும் கொழுப்பும் நெருங்கிவிடுகின்றன. லேபிளின் 100 மி.லி. காற்றோடு சேர்ந்த அளவு, கோனில் இருக்கும் 100 மி.லி. அமுங்கிய அளவு. இரண்டும் ஒன்றல்ல.

கரண்ட் போய் வரும் நாட்களில் இது இன்னும் மோசம். ஒருமுறை இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிறீமில் காற்று பெரும்பாலும் போயிருக்கும். டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கும், நாக்கில் நறநறவென்று பனித்துகள் படும், உருண்டை கைக்குப் பாரமாக இருக்கும். அளவு அதே, கலோரி கூட. கலோரியை விடுங்கள், இளகி உறைந்ததில் கிருமி பெருகியிருக்கலாம். அப்படிப் பட்டால் சாப்பிடாமல் திருப்பிக் கொடுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

கோன் விஷயத்தில் பலகை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அடி தட்டையான, கடதாசி மாதிரி லேசான வேபர் கோன் 4 கிராம்தான், 17 கலோரி. கூர் முனையுள்ள சீனிக் கோன் 40 அளவில். சுருட்டிய பெரிய வாஃபிள் கோன் 120. விளிம்பைச் சொக்லேட்டில் தோய்த்திருந்தால் அதற்கும் மேலே. கப்பில் வாங்கினால் இது முழுவதும் மிச்சம்.

சோஸ் போத்தலைக் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி சொக்லேட் சோஸ் 20 கிராம், 55 கலோரி. போத்தலை அமுக்கிக்கொண்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் இரண்டு கரண்டி போய்விடும், மெல்லிய கோடு போலத்தான் தெரியும். டின்பால் ஊற்றச் சொன்னால் கரண்டிக்கு 60. கஜு, கச்சான் இரண்டுமே கரண்டிக்கு 50 பக்கம்.

இன்சுலின் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஆபத்து கலோரியில் இல்லை, மாச்சத்தில் இருக்கிறது. அந்தக் கோனில் ஐஸ்கிறீமில் 41 கிராம், வாஃபிளில் 23, சோஸில் 25, மொத்தம் 90 கிராம் அளவில் மாச்சத்து. "சீனி இல்லாத ஐஸ்கிறீம்" என்று தந்தாலும் பால்கொழுப்பு இருக்கத்தான் செய்யும், கிராமுக்கு 9 கலோரி. பால் சீனியும் இருக்கும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "அண்ணை, இந்த 110 எத்தனை கிராமுக்கு?" பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். 100 கிராமா 100 மி.லி.யா என்று பாருங்கள். பார்சலாக வாங்கினால் வீட்டில் நிறுங்கள். நிலாவெளி போய்ச் சேர்வதற்குள் உருகிவிட்டதே என்று விட வேண்டாம், உருகினால் காற்றுத்தான் போகும், எடை மாறாது. காலிக் கப்பின் எடையைக் கழித்து, கிராமை இரண்டால் பெருக்குங்கள்; பால் செறிவான விலை கூடிய வகையென்றால் இரண்டரையால். சோஸைத் தனிக் கப்பில் கேளுங்கள், கழித்துக் கணக்குப் பார்க்கவும் லேசு.

இந்தக் கடையில் கேட்டதற்கு "எல்லாரும் இப்பிடித்தான் போடுகினம்" என்றதுதான் பதில். பலகையின் படம், பற்றுச்சீட்டு, தராசில் எடை தெரியும் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டு கேட்காமல் தரமாட்டார்கள், காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.