மிளகின் பதினைந்து இலக்கம்: சென்னையிலிருந்து பிராங்பேர்ட்டுக்குப் பூனையோடு போன கதை

மிளகு எங்கள் கறுப்புப் பூனை. 2023 ஜூனில் எங்களோடு ஜெர்மனிக்கு வந்தாள், இப்போது இங்கே ஜன்னலோரம் புறா பார்த்துக்கொண்டிருக்கிறாள். பூனையோடு ஐரோப்பா போகத் திட்டமிடும் நண்பர்கள் முதலில் கேட்பது விமானத்தைப் பற்றித்தான். உண்மையில் விமானம் ஒரு ராத்திரி வேலை. அதற்கு முந்தைய நான்கரை மாதம்தான் எங்களைப் படுத்தியது. அந்த நான்கரை மாதமும் அவள் தோலுக்குள் இருக்கும் ஒரு எண்ணைச் சுற்றியே ஓடியது.

வேலை உறுதியானதும் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். மூன்று வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருந்தோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிப் எண் எங்கே?" என்றார். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப்பே மிளகுக்கு இல்லை. அப்படியானால் இந்த ஊசி எதுவும் ஐரோப்பாவில் கணக்கில் வராது என்றார். ஊசி போட்டது இந்தப் பூனைக்குத்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும். அதனால் முதலில் சிப், அதே நாளிலோ அதற்குப் பிறகோ ஊசி. வரிசை மாறினால் ஊசியைத் திரும்பப் போட வேண்டியதுதான்.

பிப்ரவரி 4 அன்று சிப்பும் புது ஊசியும் போட்டோம். சிப் அரிசி மணி அளவுதான், பேட்டரி கிடையாது, இருக்கும் இடத்தையும் சொல்லாது. ஸ்கேனர் அருகில் வந்தால் தன் எண்ணை மட்டும் சொல்லும். ஐரோப்பா கேட்பது ஐஎஸ்ஓ தரத்து சிப், 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வது, பதினைந்து இலக்க எண் உள்ளது. ஒன்பது, பத்து இலக்க எண் வந்தால் அது வேறு வகை, அங்கே உள்ள ஸ்கேனர் படிக்காமல் போகலாம். ஏற்கெனவே சிப் போட்ட பூனை என்றால் முதல் வேலையாக எண்ணை எண்ணிப் பாருங்கள். வேறு வகை என்றால் அதைப் படிக்கும் ஸ்கேனரை நீங்களே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அடுத்தது டைட்டர் டெஸ்ட், ஊசியால் ரத்தத்தில் உருவான எதிர்ப்புச் சக்தியை அளக்கும் சோதனை. ரேபிஸ் கட்டுக்குள் இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டிருக்கும் நாடுகளில் இந்தியா இல்லை. அதனால் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அது வந்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே நோய் தொற்றியிருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும் என்பது கணக்கு. மார்ச் 8இல் ரத்தம் எடுத்தோம், ஆக ஜூன் 8க்கு முன் போக முடியாது. "ஏங்க, எனக்கு விசா மூணு வாரத்துல வந்துடுச்சு, இவளுக்கு நாலு மாசமா?" என்றார் என் மனைவி.

தலைவலி வந்தது இங்கேதான். அளவு நன்றாக இருந்தது என்று அறிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் சிப் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். கடைசியில் 47 இருக்க வேண்டிய இடத்தில் 74. ரத்தம் அனுப்பிய கிளினிக்கில் படிவத்தைக் கையால் எழுதியபோது மாறிவிட்டது. காகிதப்படி அது வேறு பூனையின் ரத்தம்! கிளினிக்கிலிருந்து திருத்தக் கடிதம் வாங்கி, ஆய்வகம் ஒத்துக்கொண்டு புது அறிக்கை தருவதற்கு 11 நாள் ஆனது. காத்திருப்புக் காலத்துக்குள் நடந்ததால் தப்பித்தோம். சிப்போடு பார்கோடு ஸ்டிக்கர்கள் வரும். அவற்றைப் பத்திரமாக வைத்து, ஊசிப் புத்தகம், ரத்தப் படிவம் என்று எல்லாவற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் ஸ்டிக்கர் தாள் வீட்டு அலமாரியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சுகாதாரச் சான்றிதழ் வேலை கடைசி வாரத்தில். நுழையும் நாட்டு மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியப் படிவம் அது, நமக்கு ஜெர்மன்–ஆங்கிலம். சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குப் பூனையையும் அசல் காகிதங்களையும் கொண்டுபோய், அரசு மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் நுழைந்துவிட வேண்டும். ஜூன் 14இல் வாங்கி 17ஆம் தேதி விமானம் ஏறினோம். விமானம் தள்ளிப்போனாலும் சமாளிக்க வேண்டுமே என்று ஒரு வார இடைவெளி விட்டிருந்தோம்.

விமானத்துக்கு வருவோம். லுஃப்தான்சாவில் கேபினில் பூனையும் பையும் சேர்ந்து 8 கிலோ, மென்மையான பை என்றால் 55 x 40 x 23 செ.மீ. வரை. மிளகு 4.9 கிலோ, பை 1.3, பிழைத்தோம். ஆறரை கிலோப் பூனைக்கு இந்தக் கணக்கு நெருக்கடிதான். ஒரு விமானத்தில் ஏற்றும் விலங்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆகவே பூனைக்கு இடம் உறுதியான பிறகுதான் நம் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது நல்லது. பை முன் சீட்டுக்கு அடியில் போக வேண்டும், அதனால் முதல் வரிசையில் உட்கார முடியாது. பையை மூன்று மாதம் முன்பே திறந்து கூடத்தில் வைத்துவிட்டோம், அதிலேயே தூங்கப் பழகிவிட்டாள். மயக்க மருந்து கேட்டேன், மருத்துவர் கொடுக்க மறுத்தார்.

விமான நிலையத்தில் நான் எதிர்பார்க்காதது பாதுகாப்புச் சோதனை. பை மட்டும் எக்ஸ்-ரே இயந்திரத்துக்குள் போகும், பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நாம் கடக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் அவள் பாய்ந்திருந்தால் அவ்வளவுதான். மார்புப் பட்டையும் கயிறும் முன்பே போட்டிருந்தோம். தனி அறை கேட்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிராங்பேர்ட்டில் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் போய்க் காகிதத்தைக் காட்டினோம். அதிகாரி தோள்களுக்கு நடுவே ஸ்கேனரை வைத்தார், ஒன்றும் வரவில்லை. எனக்குக் கை சில்லிட்டது, ஆனால் ஆச்சரியம் இல்லை. மே மாதமே மருத்துவரிடம் சோதித்தபோது சிப் இடது தோளுக்கு நகர்ந்திருந்தது தெரியும். தோலுக்கு அடியில் அப்படி நகர்வது சகஜம். "இடது தோள்" என்றேன், மெதுவாக நகர்த்தினார், பீப் சத்தம். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். பயணத்துக்கு முன் ஒருமுறை சிப்பைப் படித்துப் பார்த்து, எங்கே கிடைத்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இங்கே வந்த பிறகு இரண்டு வேலை. சிப்பில் வெறும் எண்தான் இருக்கிறது, நம் பெயரோ தொலைபேசியோ இல்லை. டாஸோ என்ற பதிவேட்டில் இலவசமாகப் பதிந்தோம். இன்னொன்று, உள்ளூர் மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாஸ்போர்ட். அடுத்த ரேபிஸ் ஊசியை 2024 ஜனவரியிலேயே போட்டுவிட்டோம், பழையது காலாவதியாக விடவில்லை. ஊசித் தொடர்ச்சி அறுபடாத வரை அந்த டைட்டர் டெஸ்ட் செல்லும். அறுபட்ட நிலையில் ஊருக்குக் கூட்டிப் போனால், திரும்பி வர மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். புது ஊசி மூன்று வருடத்துக்கானது. 2027 ஜனவரி என்று பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம், அவள் எண்ணையும் சேர்த்து, இந்தமுறை ஸ்டிக்கரோடு.